வட்டி எங்கே போய் விழுகிறது என்று பார், தம்பி

கேள்வி: சார், எனக்கு 16 வயசு. போச்சம்பள்ளி பக்கம் ஒரு ஊர், பிளஸ் ஒன் படிக்கிறேன். கோடை லீவுல மாமாவோட மாங்காய் மண்டியில் எடைச்சீட்டு எழுதி 10,000 ரூபாய் சேர்த்திருக்கேன். பேங்குல கணக்கு ஆரம்பிக்கப் போறேன். ஸ்கூல்ல தனிவட்டி, கூட்டுவட்டி ரெண்டுக்கும் சூத்திரம் படிச்சாச்சு. ஆனா என் கணக்குல எது வரும்னு தெரியல. பாட்டி, "பேங்குல என்னடா கிடைக்கும், ஊருக்குள்ள நூத்துக்கு ரெண்டு வட்டிக்கு விடு"ன்னு சொல்றாங்க. எது சரி?

பதில்: தம்பி, சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு. வட்டி வந்ததும் அது எங்கே போகிறது என்பதை மட்டும் பார். கையில் வாங்கிக்கொண்டாலோ வேறு இடத்துக்குப் போய்விட்டாலோ அசல் அப்படியே நிற்கும், அடுத்த முறையும் அதே வட்டிதான் வரும். அது தனிவட்டி. வந்த வட்டி அசலோடு சேர்ந்து, அடுத்த முறை அந்த வட்டிக்கும் வட்டி கணக்கிடப்பட்டால் அது கூட்டுவட்டி.

முதலில் பாட்டி சொன்னதைப் பார்ப்போம், ஏனென்றால் அது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. நூற்றுக்கு இரண்டு என்றால் மாதத்துக்கு. 10,000 ரூபாய்க்கு மாதம் 200, வருஷத்துக்கு 2,400. அதாவது 24 சதவீதம். மாதாமாதம் 200 ரூபாயைக் கையில் வாங்கிக்கொள்வதால் இது தனிவட்டி. வெறும் கணக்காகப் பார்த்தால் எந்த வங்கியும் இதன் கிட்டே வராது, பாட்டி அதில் தப்பாகச் சொல்லவில்லை.

ஆனால் வாங்கினவர் வட்டி கட்டாமல் போனால் என்ன நடக்கிறது தெரியுமா? புரோநோட்டுக்கு மூன்று வருஷம்தான் கெடு. அதற்குள் பணம் வராவிட்டால், கெடு முடிவதற்கு முன் நோட்டைப் புதுப்பித்து எழுதி வாங்குவார்கள். மூன்று வருஷ வட்டி 7,200 பாக்கி என்றால் புது நோட்டில் அசல் 17,200 என்று எழுதுவார்கள். அன்றிலிருந்து மாத வட்டி 200 இல்லை, 344. ஒரே கையெழுத்தில் தனிவட்டி கூட்டுவட்டி ஆகிவிட்டது. கூட்டுவட்டி என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப் புத்தகமும் காட்டாது. கடன் வாங்கினவர் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் கனமும் புரியும். மாதம் 200 கட்ட முடியாதவர் 344 எப்படிக் கட்டுவார்? நோட்டில் 17,200 இருக்கும், உன் கைக்கு ஒன்றும் வராது. 16 வயதில் உன்னால் போய் வசூல் பண்ணவும் முடியாது. வங்கியில் போட்டால், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு இருக்கிறது. உன் முதல் பணத்துக்கு அதுதான் இடம்.

சரி, இப்போது உன் சேமிப்புக் கணக்கு. 10 வயது தாண்டினவர்கள் தங்கள் பெயரிலேயே கணக்கு ஆரம்பித்து, தாங்களே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. எவ்வளவு பணம் வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். ஆகவே அப்பா கையெழுத்து தேவையா என்று உன் கிளையில் கேட்டுக்கொள். கூடவே, கணக்கில் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் கேள்.

சேமிப்புக் கணக்கில் வட்டியை ஒவ்வொரு நாள் இருப்புக்கும் கணக்கிடுகிறார்கள். இங்கேதான் பலருக்கும் குழப்பம். தினமும் கணக்கிடுகிறார்கள் என்றால் தினமும் வட்டிக்கு வட்டி வருகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 2.5 சதவீதம் என்று வை. 10,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி சுமார் 68 பைசா. இந்தப் பைசாக்களை வங்கி தனியாகக் குறித்து வைத்துக்கொண்டே வரும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மொத்தமாக உன் கணக்கில் வரவு வைக்கும், பாஸ்புக்கில் சுமார் 62 ரூபாய் என்று ஒரு வரி விழும். அந்த வரி விழுந்த பிறகுதான் அந்த 62 ரூபாய்க்கும் வட்டி ஓடத் தொடங்கும். நடுவில் நீ 4,000 எடுத்தால், எடுத்த நாளிலிருந்து 6,000 ரூபாய்க்குத்தான் கணக்கு.

அப்படியானால் இது கூட்டுவட்டிதான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேரும் கூட்டுவட்டி. ஆனால் வருஷக் கடைசியில் எவ்வளவு வித்தியாசம்? தனிவட்டியாக இருந்தால் 250 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்தால் 252 ரூபாய் 35 பைசா. வித்தியாசம் 2 ரூபாய் 35 பைசா. அவ்வளவுதான் தம்பி. விகிதம் சின்னது, காலமும் சின்னது என்றால் கூட்டுவட்டி ஒன்றும் பெரிதாகச் செய்துவிடாது. தபால் அலுவலக சேமிப்புக் கணக்கில் வட்டியை வருஷத்துக்கு ஒரே ஒருமுறைதான் சேர்க்கிறார்கள், ஆனால் விகிதம் 4 சதவீதம் என்பதால் 400 ரூபாய் வரும். (அங்கே ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 12ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது.)

கூட்டுவட்டி கண்ணுக்குத் தெரிகிற இடம் எஃப்.டி., அதாவது குறிப்பிட்ட காலத்துக்குப் பணத்தை எடுக்காமல் போட்டு வைக்கிற வைப்பு. கணக்கு எளிதாக இருக்க 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், நீ போகிற அன்று என்ன விகிதம் என்று கவுண்டரில் கேட்டுக்கொள். 10,000 ரூபாயை 5 வருஷத்துக்குப் போடுகிறாய். முதல் மூன்று மாதத்தில் 175 ரூபாய் வட்டி. அது அசலோடு சேர்ந்து 10,175 ஆகிறது. அடுத்த மூன்று மாதத்தில் 178 ரூபாய் 6 பைசா. அதற்கடுத்து 181 ரூபாய் 18 பைசா. கூடுவது மூன்று மூன்று ரூபாய்தான். ஆனால் 20ஆவது முறை, அதாவது கடைசி மூன்று மாதத்தில், வருகிற வட்டி 243 ரூபாய். மொத்தமாகக் கைக்கு வருவது சுமார் 14,148. தனிவட்டியாக இருந்தால் 13,500 மட்டும்தான்.

இப்போது முக்கியமான விஷயம். இதே எஃப்.டி., இதே வங்கி, இதே 7 சதவீதம், ஆனாலும் உனக்குத் தனிவட்டி மட்டுமே கிடைக்கலாம். எப்படி என்றால், விண்ணப்பத்தில் வட்டியை என்ன செய்வது என்று ஒரு கேள்வி இருக்கும். மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ சேமிப்புக் கணக்குக்கு அனுப்பலாம் என்பது ஒன்று. முதிர்வு வரை அசலோடு சேர்த்துக்கொண்டே போகலாம் என்பது இன்னொன்று. முதலாவதை டிக் செய்தால் 175 ரூபாய் வெளியே வந்து சேமிப்புக் கணக்கில் விழும், எஃப்.டி.யில் 10,000 அப்படியே நிற்கும். அடுத்த முறையும் 175தான். ஓய்வு பெற்றவர்கள் அந்த வட்டியில்தான் வீட்டுச் செலவு பார்க்கிறார்கள், அவர்களுக்கு அது சரியானது. உனக்கு அது வேண்டாம்.

என் முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்த 20,000 ரூபாயை நான் இப்படித்தான் போட்டேன். விண்ணப்பத்தைக் கவுண்டரில் இருந்தவரே நிரப்பினார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். ஐந்து வருஷம் கழித்துப் போனபோது கைக்கு வந்தது அதே 20,000. வட்டி வராமல் இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேமிப்புக் கணக்கில் விழுந்து, மற்ற பணத்தோடு பணமாகச் செலவாகிப் போயிருந்தது. அன்றைக்கு அந்த ரசீதை வெகு நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அதில் முதல் நாளே எல்லாம் அச்சாகித்தான் இருந்தது.

நீ ரசீது வாங்கினதும் கவுண்டரை விட்டு நகராமல் ஒரே ஓர் இடத்தைப் பார். முதிர்வுத் தொகை என்று ஓர் எண் இருக்கும். 10,000 போட்டு, அங்கேயும் 10,000 என்று இருந்தால் வட்டி வெளியே போகிறது என்று பொருள். 14,148 மாதிரி பெரிய எண் இருந்தால் வட்டி உள்ளேயே சேர்கிறது. முதல்வகை என்றால் உடனே திருப்பிக் கொடுத்து மாற்றித் தரச் சொல். போட்ட அன்றே மாற்றுவது சுலபம்.

உன் 10,000 ரூபாயை என்ன செய்யலாம்? 2,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும், பஸ் பாஸ், நோட்டு, அவசரம் என்று கை வைக்க ஏதாவது வேண்டும். 8,000 ரூபாயை எஃப்.டி.யில் போடு. ஐந்து வருஷத்துக்குப் போடாதே. இன்னும் இரண்டு வருஷத்தில் நீ கல்லூரியில் சேர வேண்டும், நடுவில் உடைத்தால் பணம் இருந்த காலத்துக்கு உரிய விகிதம்தான் தருவார்கள், அதிலும் அபராதமாகக் கொஞ்சம் பிடிப்பார்கள். ஆகவே இரண்டு வருஷம். 7 சதவீதம் என்றால் 9,191 ரூபாய் வரும். தனிவட்டியில் 9,120 வந்திருக்கும். இரண்டு வருஷத்தில் கூட்டுவட்டி உனக்குக் கூடுதலாகத் தருவது 71 ரூபாய், அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

அந்தப் பணம் கல்லூரிக்குத் தேவைப்படாமல் போனால்தான் கதை மாறும். அப்போது புதுப்பிக்கும்போதும் ஒரு கேள்வி வரும்: அசலை மட்டும் புதுப்பிக்கவா, அசலும் வட்டியும் சேர்த்தா? அசலை மட்டும் என்றால் 1,191 ரூபாய் வெளியே வந்துவிடும், மறுபடி 8,000 ரூபாயிலிருந்து தொடங்குவாய். சேர்த்து என்றால் 9,191 ரூபாய் உன் புது அசல். ஊரில் நோட்டு மாற்றி எழுதுகிறார்களே, அதே வேலைதான், ஆனால் இந்த முறை வட்டி வாங்குகிற பக்கத்தில் நீ நிற்கிறாய். முதல் நாளே விண்ணப்பத்தில் தானாகப் புதுப்பிக்கும் வசதி பற்றிக் கேட்பார்கள், அங்கேயே இரண்டாவதை டிக் செய்துவிடு. முதிரும் தேதியைப் பாஸ்புக்கின் உள் அட்டையில் பேனாவால் எழுதி வை.