தினசரி டேட்டா தீர்ந்த பிறகு: 64 கேபிபிஎஸ்ஸில் எது ஓடும், எது ஓடாது?

கேள்வி: ராத்திரி எட்டு மணிக்கே 1.5 ஜிபி முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் 64 கேபிபிஎஸ்னு மெசேஜ் வருது. நொடிக்கு 64 கேபின்னா ஒரு எம்பி 16 நொடியில வந்திடணுமே? வாட்ஸப்கூட சுத்திக்கிட்டே நிக்குது.

64ஐ 8ஆல் வகுக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் சொல்வது பிட் கணக்கு, போனில் ஃபைல் அளவு காட்டுவது பைட் கணக்கு. ஆக, கையில் கிடைப்பது நொடிக்கு 8 கேபி. ஒரு எம்பிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு மணி நேரம் முழுக்க இழுத்தாலும் 28 எம்பி சொச்சம்தான்.

ஆனால் வாட்ஸப் நிற்பதற்குக் காரணம் அந்த 8 கேபி மட்டுமல்ல. ஒரு வரி மெசேஜுக்கு ஒன்றிரண்டு கேபி போதும், அது நொடியில் போயிருக்க வேண்டும். குடும்ப குரூப்பில் வந்த ஆறு போட்டோ தானாக இறங்குகிறது, பிளே ஸ்டோர் எதையோ அப்டேட் செய்கிறது, கூகுள் போட்டோஸ் மாலையில் எடுத்த வீடியோவை மேலே ஏற்றுகிறது. ஒரே குழாயடியில் இருபது குடம். உங்கள் மெசேஜ் இருபத்தோராவது குடம். அதன் முறை வருவதற்குள் ஆப் பொறுமை இழந்து தொடர்பை அறுத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி கேட்கும். பாதி இறங்கியதும் வீண்.

அதனால் செய்ய வேண்டியது வேகத்தைக் கூட்டுவதல்ல, வரிசையைக் காலி செய்வது. ஆண்ட்ராய்டில் Settings, Network & internet, Data Saver. அதை ஆன் செய்தால் திரையில் திறந்திருக்கும் ஆப்புக்கு மட்டும் டேட்டா போகும், பின்னால் இருப்பவை நிற்கும். அதே பக்கத்தில் Unrestricted data என்று இருக்கும். அதில் வாட்ஸப்பை மட்டும் அனுமதியுங்கள், இல்லாவிட்டால் மெசேஜ் தாமதமாக வரும். பிறகு வாட்ஸப்பில் Settings, Storage and data, When using mobile data என்பதைத் தொட்டு நான்கு டிக்கையும் எடுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கேள்வி: அப்போ வாட்ஸப்ல என்னென்ன பண்ணலாம்? கால் போகுமா?

எழுத்து தாராளமாகப் போகும். ஒரு நிமிட வாய்ஸ் நோட் ஏறத்தாழ 120 முதல் 150 கேபி இருக்கும், இருபது நொடிக்குள் போய்ச் சேரும். வாட்ஸப் சுருக்கி அனுப்பும் போட்டோ 100 முதல் 300 கேபி, அரை நிமிடம் பொறுக்கலாம். HD என்று தேர்ந்தெடுத்தால் எடை கூடும், அதே படத்தை Document ஆக அனுப்பினால் 3, 4 எம்பி ஆகிவிடும். அதற்கு எட்டு நிமிடம், நடுவில் அறுந்தால் இன்னும் அதிகம்.

வாய்ஸ் கால், வரிசை காலியாக இருந்தால் ஓடும். Storage and data பக்கத்திலேயே Use less data for calls இருக்கிறது, அதை ஆன் செய்துகொள்ளுங்கள். குரல் ஒரு நொடி, இரண்டு நொடி தாமதமாக வந்தால் பின்னால் ஏதோ இறங்குகிறது என்று அர்த்தம். வீடியோ காலை மறந்துவிடுங்கள். உள்ளூர்க் காலுக்கு எதற்கு வாட்ஸப்? சாதாரண கால் இந்தக் கோட்டாவில் சேராது, ஓடிபி எஸ்எம்எஸ்ஸும் அப்படித்தான்.

கேள்வி: மளிகைக் கடை வெச்சிருக்கேன். டேட்டா தீர்ந்தா ஜிபே வேலை செய்யுமா? கஸ்டமர் போட்ட பணம் வந்துச்சான்னு தெரியறதில்ல.

இது இரண்டு கேள்வி. பணம் வாங்க உங்கள் போனில் டேட்டாவே தேவையில்லை. சுவரில் ஒட்டிய கியூஆரை ஸ்கேன் செய்பவருக்குத்தான் தேவை. பணம் வங்கிக்கு வங்கி போய்விடும். வந்ததா என்று தெரிவதுதான் சிக்கல். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டிக்குள் தனி சிம் இருக்கிறது, உங்கள் கோட்டாவோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. பெட்டி இல்லையென்றால் வங்கி எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள், ஆனால் சிறு தொகைக்கு எஸ்எம்எஸ் அனுப்பாத வங்கிகளும் உண்டு. வாடிக்கையாளர் காட்டும் திரையை மட்டும் நம்பவேண்டாம்.

நீங்கள் பணம் அனுப்புவது வேறு கதை. பரிவர்த்தனைக்கே சில கேபிதான் ஆகும், ஆப்பின் முகப்பில் வரும் ஆஃபர் படங்களும் கேஷ்பேக் பேனர்களும்தான் சாப்பிடும். ஐகானை அழுத்திப் பிடித்தால் பல ஆப்களில் ஸ்கேன் நேரடியாக வரும், முகப்பைத் தாண்டிவிடலாம். PIN போட்ட பிறகு சுற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி அனுப்பாதீர்கள். ஆப்பை மூடி, ஐந்து நிமிடம் கழித்து ஹிஸ்டரியைப் பாருங்கள். Pending என்றிருந்தால் பணம் இன்னும் முடிவாகவில்லை. கணக்கில் கழிந்தும் எதிராளிக்குப் போகாவிட்டால், ரிசர்வ் வங்கி விதிப்படி தனிநபருக்கு அனுப்பியது மறுநாளைக்குள்ளும் கடைக்கு அனுப்பியது ஐந்து நாளைக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும்.

டேட்டாவே இல்லாமல் அனுப்ப *99# உண்டு. வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து டயல் செய்ய வேண்டும், ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. எல்லா சிம்மிலும் போகாது. அவசரத்துக்கு முன்னாலேயே ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்து வையுங்கள்.

கேள்வி: VPN போட்டா வேகம் திரும்ப வந்திடும். APN மாத்தினாலும் வரும். இதை ஏன் யாரும் சொல்றதில்லை?

வராது என்பதால்தான். வேகத்தைக் குறைப்பது உங்கள் போன் அல்ல, கம்பெனியின் பக்கத்தில், உங்கள் சிம் கணக்கின் மேல் வைத்த கட்டுப்பாடு. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று பார்த்து அது குறைப்பதில்லை, மொத்தமாகப் போகும் பிட்டை அளக்கிறது. VPN உள்ளே ஒளித்து அனுப்பினாலும் பிட் பிட்தான், கூடவே VPNனின் சொந்தச் சுமையும் சேரும்.

அதே நபர்: ஆனா எனக்கு VPN ஆன் பண்ணதும் பேஜ் சீக்கிரம் திறக்குதே?

திறக்கலாம். சில VPN ஆப்கள் விளம்பரத்தை அடைக்கும். ஒரு செய்திப் பக்கத்தில் விளம்பரம் போனாலே எடை பாதியாகிவிடும், அதைத்தான் நீங்கள் வேகம் என்று பார்க்கிறீர்களோ என்னவோ. சோதிக்க ஒரு வழி: 500 கேபி உள்ள ஒரு பிடிஎஃப்பை VPN இல்லாமலும் இருந்தும் இறக்கிப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் விஷயம் விளம்பரம்தான். பத்து நொடியில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள், அப்போது காரணம் வேறு.

விளம்பரம் குறையவேண்டும் என்றால் VPN தேவையில்லை. போனின் Settingsஇல் உள்ள Private DNS அமைப்பில் இதை எழுதினால் போதும்:

```
dns.adguard-dns.com
```

ஏதாவது ஆப் திறக்க மறுத்தால் இதை Automaticக்கு மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

கேள்வி: என் பிளான் 2 ஜிபி. டேட்டா தீர்ந்ததுக்கப்புறமும் மொட்டை மாடியில யூடியூப் ஓடுது, ரூமுக்குள்ள வந்தா நின்னுடுது. போன் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. உங்களுடையது அன்லிமிடெட் 5ஜி சேர்ந்த பிளானாக இருக்க வேண்டும். 5ஜியில் இருக்கும்போது ஓடுவது அந்த 2 ஜிபியில் கழியாது. அறைக்குள் சிக்னல் இறங்கி 4ஜிக்கு மாறும்போது, தீர்ந்துபோன 4ஜி கோட்டா உங்களைப் பிடித்துக்கொள்கிறது. மேலே 5G என்ற எழுத்து மாறும் இடத்தைக் கவனித்தால் புரிந்துவிடும். ஜன்னலோரம் போனை வைத்து, அதிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுப்பது பலருக்கு உதவுகிறது. ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி நிபந்தனை உண்டா என்று உங்கள் பிளானில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொண்ணோட தேர்வு விண்ணப்பம், ராத்திரி 11.59க்கு கடைசி. டேட்டா முடிஞ்சது. ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்ல முயற்சி பண்றோம், பேஜ் வரவே மாட்டேங்குது.

முதலில் லேப்டாப்பை விடுங்கள். ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்ததும் விண்டோஸ் அதை வைஃபை என்று நினைத்து அப்டேட் இழுக்கும். லேப்டாப்தான் வேண்டும் என்றால் அந்த வைஃபையின் Properties பக்கத்தில் Metered connection என்பதை ஆன் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

போனிலேயே செய்தால் கணக்கு இப்படி வரும். விண்ணப்பப் பக்கம் 2 எம்பி என்று வைத்துக்கொள்வோம், முதல் தடவை திறக்க நாலு நிமிடம் பிடிக்கும். அந்த நாலு நிமிடமும் ரிஃப்ரெஷ் செய்யக்கூடாது. எல்லோரும் தவறுவது இங்கேதான்: ஒரு நிமிடம் வெள்ளையாக இருந்ததும் மறுபடி தட்டுகிறார்கள், ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு முறை முழுதாக வந்துவிட்டால் லோகோவும் ஸ்டைலும் போனில் தங்கிவிடும், அடுத்த பக்கம் சீக்கிரம் வரும். அதனால் இன்காக்னிட்டோவும் வேண்டாம், கேஷை அழிக்கவும் வேண்டாம்.

புகைப்படத்தையும் கையெழுத்தையும் முன்கூட்டியே கேட்ட அளவுக்குச் சுருக்கி வைத்திருங்கள். 50 கேபி படம் ஏழு எட்டு நொடியில் ஏறிவிடும். 3 எம்பி படத்தை ஏற்றினால் ஆறு நிமிடம் கழித்து 'அளவு அதிகம்' என்று திருப்பி அனுப்பும், அதற்குள் லாகின் காலாவதியாகிவிடும். விவரங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்து ஒட்டினால் தட்டச்சு நேரமும் மிச்சம். கட்டணம் கட்டும் பக்கத்தில்தான் ஆபத்து அதிகம். 11.30க்கு மேல் ஆகிவிட்டது என்றால் கணக்குப் பார்க்காமல் சின்ன டேட்டா பூஸ்டர் ஒன்று போட்டுவிடுங்கள். 12 மணிக்குக் கோட்டா புதுப்பிக்கும், ஆனால் அது உங்களுக்கு ஒரு நிமிடம் தாமதம்.

கேள்வி: ஓபரா மினி நல்லதுன்னு சொல்றாங்க. குரோம்லயும் லைட் மோட் இருந்துச்சே, காணோம்?

குரோமின் லைட் மோடை கூகுள் 2022இல் எடுத்துவிட்டது. ஓபரா மினியில் Extreme என்ற சேமிப்பு முறை இன்னும் பயன்படுகிறது: பக்கத்தை அவர்களுடைய சர்வர் வாங்கி, சுருக்கி அனுப்பும். செய்தி, விக்கிபீடியா, ரிசல்ட் பார்க்க அருமை. அதே காரணத்தால் அதில் வங்கி லாகின் செய்யாதீர்கள், நடுவில் ஒரு கை இருக்கிறது. படிவங்களும் அதில் உடையும்.

இன்னொரு வழி ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன். அதன் அமைப்பில் Block media elements larger than என்று இருக்கும், 50 கேபி என்று வைத்தால் பெரிய படங்கள் வராது, வேண்டியதைத் தொட்டு மட்டும் இறக்கலாம். இதையெல்லாம் டேட்டா இருக்கும்போதே நிறுவி வையுங்கள்.

கேள்வி: பாட்டு? மேப்?

ஸ்பாட்டிஃபையில் தரத்தை Low ஆக்கினால் 24 கேபிபிஎஸ்தான் வேண்டும், நிற்காமல் பாடும். யூடியூப் 144பியில்கூட அடிக்கடி நின்று நின்று ஓடும். மேப் வேண்டுமென்றால், டேட்டா உள்ள நேரத்தில் உங்கள் மாவட்டத்தை Offline mapsஇல் இறக்கிக்கொள்ளுங்கள். இடம் காட்டுவது ஜிபிஎஸ், அதற்கு டேட்டா வேண்டாம். டிராஃபிக் நெரிசல் தெரியாது, பஸ் வழியும் நடைவழியும் காட்டாது, வண்டி வழி மட்டும் சொல்லும். ரயில் பிஎன்ஆர் பார்க்க ஆப்பைத் திறக்கவே வேண்டாம், PNR என்று எழுதி இடம் விட்டு பத்து இலக்க எண்ணைப் போட்டு 139க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதில் வரும்.

கேள்வி: போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வேகம் கூடுமா? எங்க அக்கா அதான் பண்றாங்க.

கோட்டா திரும்பாது. நடுவில் சிக்கிய தொடர்பு அறுந்து புதிதாகத் தொடங்குவதால் சில நேரம் நகர்ந்த மாதிரி இருக்கும். அதற்கு ஏரோபிளேன் மோடை பத்து நொடி போட்டு எடுத்தாலே போதும். முழுதாக ரீஸ்டார்ட் செய்தால் எல்லா ஆப்பும் ஒன்றாக எழுந்து இழுக்க ஆரம்பிக்கும், முதல் சில நிமிடம் முன்னைவிட மோசமாக இருக்கும். அக்காவிடம் Data Saver ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.