ரெஜிஸ்டர் பட்டனை எடுத்தாங்க, வருமானம் 30 கோடி டாலர் கூடிச்சு: கேஸ் ஸ்டடில ரிசல்ட்டை எங்கிருந்து எடுக்கறது?

"மூணு வருஷமா ஒரு சின்ன கம்பெனில யூஐ டிசைனரா இருக்கேன். போர்ட்ஃபோலியோல ரெண்டு கேஸ் ஸ்டடி வச்சிருக்கேன், பெர்சோனா, வயர்ஃப்ரேம், கலர் பேலட்னு எல்லாமே இருக்கு. ஆனா இன்டர்வியூல எல்லாரும் 'சரி, அதனால என்ன ஆச்சு?'ன்னு கேக்கறாங்க, எனக்கு பதில் வரல. அனலிடிக்ஸ் ஆக்சஸும் எனக்கு கிடையாது. ரிசல்ட்டை எப்படி காட்டறது?"

ரிசல்ட்டை கடைசில தேடறீங்க, அதான் கிடைக்க மாட்டேங்குது. ப்ராப்ளம் எழுதற இடத்துலயே எண்ணிப் பாக்கற மாதிரி ஒரு விஷயம் இருக்கணும், அப்போ டிசைன் மாறினதுக்கு அப்புறம் அதே விஷயத்தை திரும்ப எண்ணினாலே ரிசல்ட் வந்துடும். "ஆப் யூஸ் பண்ண கஷ்டமா இருந்துச்சு"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா முடிவுல "இப்போ ஈஸியா இருக்கு"ன்னுதான் எழுத முடியும், அதை யாரும் நம்பறதுக்கு ஒண்ணும் இல்ல.

இதைப் புரிஞ்சுக்க நம்ம ஃபீல்டுல ரொம்ப பேசப்பட்ட ஒரு உண்மையான கேஸை எடுத்துக்கறேன். அமெரிக்கால ஜாரெட் ஸ்பூல்னு ஒரு யூசபிலிட்டி நிபுணர், 2009ல அவர் எழுதினது. எந்தக் கடைன்னு அவர் பேர் சொல்லல, பெரிய ஆன்லைன் கடைன்னு மட்டும் வச்சுக்கோங்க. கூடைல பொருளை எல்லாம் போட்டு செக்அவுட் அழுத்தினா, காசு கட்டற பக்கத்துக்கு முன்னாடி ஒரு குட்டி ஃபார்ம் வரும். ஈமெயில், பாஸ்வேர்டுன்னு ரெண்டு கட்டம், லாகின், ரெஜிஸ்டர்னு ரெண்டு பட்டன், பாஸ்வேர்டு மறந்தவங்களுக்கு ஒரு லிங்க். அவ்ளோதான். இதை விட சிம்பிளா ஒரு ஃபார்ம் போட முடியாது. அந்த டீம் நெனச்சதும் நியாயமாத்தான் இருந்துச்சு: பழைய கஸ்டமர் லாகின் பண்ணா அட்ரஸ் திரும்ப டைப் பண்ண வேண்டாம், புதுசா வர்றவங்க ஒரு தடவை ரெஜிஸ்டர் பண்றதுக்கு என்ன கஷ்டம்?

டெஸ்ட்ல உக்கார வச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் தப்பா போயிருந்துச்சு. புதுசா வந்தவங்களுக்கு ரெஜிஸ்டர்ங்கற வார்த்தையே பிடிக்கல, "நான் பொருள் வாங்க வந்தேன், உங்ககூட உறவு வச்சுக்க வரல"ங்கற அர்த்தத்துல ஒருத்தர் சொல்லியிருக்கார். நம்ம தகவலை வாங்கி விளம்பரம் அனுப்பப் போறாங்கன்னு பலரும் நெனச்சாங்க, உண்மைல அந்த ரெஜிஸ்ட்ரேஷன்ல கேட்டது எல்லாமே பொருள் அனுப்பறதுக்கும் பணம் வாங்கறதுக்கும் எப்படியும் தேவைப்படற தகவல்தான். பழைய கஸ்டமருக்கு இன்னும் மோசம், பெரும்பாலானவங்களுக்கு எந்த ஈமெயில் குடுத்தோம், என்ன பாஸ்வேர்டு வச்சோம்னே ஞாபகம் இல்ல.

இதுக்கு அப்புறம் அவங்க பண்ணது தான் உங்களுக்கு முக்கியம். டெஸ்ட்ல பாத்ததோட நிக்காம டேட்டாபேஸ்ல போய் எண்ணினாங்க. கஸ்டமர்கள்ல 45% பேர் ஒண்ணுக்கு மேல அக்கவுன்ட் வச்சிருந்தாங்க, சிலருக்கு 10 வரைக்கும். ஒரு நாளைக்கு சுமார் 1,60,000 பாஸ்வேர்டு கோரிக்கை வந்துட்டு இருந்துச்சு, அப்படி கேட்டவங்கள்ல 75% பேர் அதுக்கப்புறம் வாங்கறதை முடிக்கவே இல்ல. கூடைல பொருள் போட்டு, வாங்கணும்னு முடிவெடுத்து, பாஸ்வேர்டு கேட்டு, அங்கேயே விட்டுட்டு போயிட்டாங்க.

இப்போ உங்க கேஸ் ஸ்டடிய எடுத்து ப்ராப்ளம்னு எழுதியிருக்கற பாராவை இதுக்கு பக்கத்துல வச்சுப் பாருங்க. யாரு, எந்த ஸ்க்ரீன்ல, என்ன பண்ண வந்து, எத்தனை பேர் எங்க நின்னு போனாங்க, இந்த நாலும் வந்துடுச்சா? வரலன்னா மத்த பக்கங்களைத் தொடாதீங்க, முதல்ல அதை சரி பண்ணுங்க.

ப்ராசஸ் பகுதில எல்லாரும் பண்ற தப்பு, செஞ்ச வேலை எல்லாத்தையும் வரிசையா போடறது. படிக்கறவங்களுக்கு உங்க ஸ்டிக்கி நோட் போட்டோ வேண்டாம், எந்த வேலை உங்க முடிவை மாத்திச்சோ அதை மட்டும் சொன்னா போதும். மேல சொன்ன கேஸ்ல டெஸ்டுக்கு வந்தவங்ககிட்ட அவங்களுக்கு நிஜமாவே வேணுங்கற பொருள் லிஸ்ட்டை எடுத்துட்டு வரச் சொல்லி, வாங்கறதுக்கு பணமும் குடுத்தாங்க. இது சின்ன விவரம் மாதிரி தெரியும், ஆனா என்னைக் கேட்டா அந்த ப்ராசஸ்ல எழுத வேண்டிய முதல் வரியே இதுதான். "ஒரு சட்டை வாங்கற மாதிரி நெனச்சுக்கோங்க"ன்னு டாஸ்க் குடுத்திருந்தா வந்தவங்க ஏதோ ஒரு ஈமெயில அடிச்சு ரெஜிஸ்டர் அழுத்திட்டு போயிருப்பாங்க, ஏன்னா அது அவங்க ஈமெயிலும் இல்ல அவங்க பொருளும் இல்ல, ப்ராப்ளம் வெளிலயே வந்திருக்காது. இந்த மாதிரி, நீங்க ஏன் இந்த முறைல டெஸ்ட் பண்ணீங்க, வேற மாதிரி பண்ணியிருந்தா எது தெரியாம போயிருக்கும்னு ரெண்டு வரி எழுதுங்க.

முடிவு எடுத்த இடம்தான் ஒரு டிசைனரோட மூளை தெரியற இடம், அதுக்கு கொஞ்சம் அதிகமாவே இடம் குடுங்க. அந்த டீம் ரெஜிஸ்டர் பட்டனை எடுத்துட்டு அந்த இடத்துல கன்டின்யூன்னு ஒரு பட்டன் வச்சாங்க. கூடவே ஒரு சின்ன செய்தி: வாங்கறதுக்கு அக்கவுன்ட் தேவையில்ல, கன்டின்யூ அழுத்தினா செக்அவுட்டுக்குப் போகலாம், அடுத்த தடவை சீக்கிரம் வாங்கணும்னா செக்அவுட் பண்றப்பவே அக்கவுன்ட் போட்டுக்கலாம். படிக்கறவங்க மனசுல உடனே வர்ற கேள்வி, "ஏன் பாஸ்வேர்டு ரீசெட்டை மட்டும் நல்லா பண்ணியிருக்கக் கூடாது?"ங்கறது. இந்தக் கேள்விக்கு கேஸ் ஸ்டடியே பதில் சொல்லணும். நான் எழுதறதா இருந்தா இப்படி எழுதுவேன்: ரீசெட்டை சரி பண்ணா பழைய கஸ்டமருக்கு மட்டும்தான் உதவும், அதுவும் எந்த ஈமெயில் குடுத்தோம்னு ஞாபகம் இருந்தாதான், அஞ்சாறு அக்கவுன்ட் வச்சிருக்கற ஆளுக்கு அதுவே தெரியாது, புதுசா வந்தவங்களோட தயக்கம் அப்படியே நிக்கும். கன்டின்யூ வச்சா ரெண்டு பேருமே ஒரே வழியா செக்அவுட்டுக்குப் போயிடலாம்.

அதோட அந்த முடிவால எதை இழக்கலாம்ங்கறதையும் எழுதுங்க. அக்கவுன்ட் கட்டாயம் இல்லன்னா புது அக்கவுன்ட் எண்ணிக்கை குறையலாம், ஆர்டர் எங்க வந்துட்டு இருக்குன்னு பாக்க கஸ்டமர் கேர்க்கு கூப்பிடறவங்க கூடலாம். இந்த ரெண்டையும் கவனிச்சோம்னு ஒரு வரி இருந்தா படிக்கறவங்களுக்கு உங்க மேல நம்பிக்கை வரும், நான் போர்ட்ஃபோலியோ பாக்கறப்போ முதல்ல தேடறதே அந்த வரியைத்தான்.

சரி ரிசல்ட். வாங்கி முடிச்ச கஸ்டமர் எண்ணிக்கை 45% கூடிச்சு, முதல் மாசம் 1.5 கோடி டாலர், முதல் வருஷம் 30 கோடி டாலர் கூடுதல் வருமானம்னு ஸ்பூல் எழுதியிருக்கார். படிக்கறப்போ அசந்து போவோம், ஆனா இன்டர்வியூல உக்காந்திருக்கறவர் மாதிரி ஒரு நிமிஷம் கணக்கு போட்டுப் பாருங்க. 1.5 கோடியை 12 மாசத்தால பெருக்கினா 18 கோடிதான் வருது, மீதி 12 கோடி எப்படி வந்துச்சு? பின்னாடி வந்த மாசங்கள்ல இன்னும் அதிகமா வித்திருக்கலாம், நவம்பர் டிசம்பர் பண்டிகை விற்பனை உள்ள வந்திருக்கலாம், அது அந்தக் கட்டுரைல விளக்கப்படல. அதே மாதிரி பழைய ஃபார்ம், புது ஃபார்ம் ரெண்டையும் ஒரே நேரத்துல ஆளுக்குப் பாதியா காட்டிப் பாத்தாங்களா, இல்ல மாத்தறதுக்கு முன்னாடி பின்னாடின்னு பாத்தாங்களாங்கறதும் அதுல இல்ல. அவ்ளோ பெரிய வித்தியாசம் வந்ததால அந்த கேஸ் நிக்குது. உங்க கேஸ்ல வித்தியாசம் 5%னு வந்து, அதுவும் தீபாவளி வாரத்துல எண்ணினதா இருந்தா அது நிக்காது. அதனால எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், எதோட ஒப்பிட்டீங்க, அந்த நேரத்துல ஆஃபர் ஏதாவது ஓடிச்சாங்கறதை ரிசல்ட்டுக்கு கீழயே எழுதிடுங்க.

இன்னொரு சிக்கல் சதவீதம். உதாரணத்துக்கு, பேமென்ட் பக்கத்துக்கு வந்த 1000 பேர்ல முன்னாடி 620 பேர் முடிச்சாங்க, இப்போ 1000க்கு 700 பேர்னு வைங்க. இதை "8 புள்ளி கூடிச்சு"ன்னும் சொல்லலாம், "13% கூடிச்சு"ன்னும் சொல்லலாம், ரெண்டும் சரிதான். ஆனா எதுல இருந்து எதுக்குன்னு சொல்லாம 13%னு மட்டும் போட்டா குறுக்குக் கேள்வி வரும், அதனால "62%ல இருந்து 70%"னு ரெண்டு முனையையும் போட்டுடுங்க.

அனலிடிக்ஸ் ஆக்சஸ் இல்லன்னு சொன்னீங்க. டாஷ்போர்டு இல்லாமலே எண்ணக்கூடிய விஷயம் நிறைய இருக்கு. சப்போர்ட் டீம்ல இருக்கறவங்ககிட்ட போய், நீங்க மாத்தின ஸ்க்ரீன் சம்பந்தமா மாத்தறதுக்கு முன்னாடி நாலு வாரம், பின்னாடி நாலு வாரம் எத்தனை கம்ப்ளெய்ன்ட் வந்துச்சுன்னு கேளுங்க, பெரும்பாலும் குடுத்துடுவாங்க, அவங்களுக்கும் அது குறைஞ்சா சந்தோஷம்தான். அந்த ரெண்டு காலத்துலயும் யூசர் எண்ணிக்கை ஏறக்குறைய ஒண்ணா இருந்துச்சான்னும் கேட்டு வச்சுக்கோங்க, ஆள் குறைஞ்சாலே கம்ப்ளெய்ன்ட்டும் குறையும். ப்ராடக்ட் மேனேஜர்கிட்ட முழு டேட்டா கேக்காதீங்க, "இந்த ஸ்க்ரீனுக்கு வந்தவங்கள்ல எத்தனை பேர் அடுத்த ஸ்க்ரீனுக்குப் போனாங்க"ன்னு ஒரே ஒரு விகிதம் கேளுங்க, கூடவே அதை வெளில காட்டலாமான்னும் கேட்டுடுங்க. காட்டக் கூடாதுன்னா நிஜ எண்ணிக்கையை விட்டுட்டு, பழைய அளவை 100னு வச்சு புதுசு எவ்ளோன்னு போடலாமான்னு அனுமதி வாங்கிக்கோங்க.

இது எதுவுமே கிடைக்கலன்னா பழைய டிசைனையும் புது டிசைனையும் நீங்களே டெஸ்ட் பண்ணுங்க. ஆளுக்கு ஒரு டிசைன் மட்டும் குடுங்க, ஒரே ஆளுக்கு ரெண்டையும் குடுத்தா முதல்ல பாத்ததுல கத்துக்கிட்டு ரெண்டாவதை வேகமா முடிச்சிடுவாங்க. யாரும் சொல்லிக் குடுக்காம எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை நிமிஷம் ஆச்சு, எங்க திரும்பிப் போனாங்கன்னு குறிச்சுக்கோங்க. அஞ்சஞ்சு பேர்கிட்ட டெஸ்ட் பண்ணீங்கன்னா "பழைய டிசைன்ல 5 பேர்ல 2 பேர் முடிச்சாங்க, புதுசுல 5 பேர்ல 4 பேர்"னு அப்படியே எழுதுங்க, அதை 40%, 80%னு மாத்தி எழுதாதீங்க. அஞ்சு பேர்ல ஒருத்தர் மாறினாலே 20 புள்ளி ஆடும், அது தெரிஞ்சவங்க அந்த சதவீதத்தைப் பாத்ததும் மீதி பக்கத்தையும் சந்தேகமாதான் படிப்பாங்க.

உங்ககிட்ட ரெண்டு கேஸ் ஸ்டடி இருக்குன்னு சொன்னீங்கல்ல, அதுல எந்த ப்ராஜெக்ட் இன்னும் லைவ்ல இருக்கோ அதை முதல்ல எடுங்க. அதுக்குத்தான் இப்போ கூட போய் எண்ண முடியும். எண்ணினதுக்கு அப்புறம் ப்ராப்ளத்தோட நம்பரையும் ரிசல்ட்டோட நம்பரையும் பக்கத்து பக்கத்துல, பழைய ஸ்க்ரீன் புது ஸ்க்ரீன் படத்தோட, பக்கத்தோட தலைலயே வச்சிடுங்க.