மகன் ஜெயித்த பணத்துக்கு அப்பா முகம் காட்டலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். ப்ளஸ் டூ படிக்கும் மகன், வயது 17, என் ஆதாரையும் பான் கார்டையும் கொடுத்து ஒரு கிரிக்கெட் பந்தய ஆப்பில் கணக்குத் தொடங்கிவிட்டான். இலைக்காசு வரும் என் பேங்க் கணக்கிலிருந்து 38,000 ரூபாய் கட்டியிருக்கிறான். இப்போது அதில் 4,12,000 ரூபாய் காட்டுகிறது. எடுக்கப் போனால் முடக்கிவிட்டார்கள். கட்டும்போது கேட்காத வயதை ஜெயித்த பிறகு கேட்பது அநியாயம் இல்லையா? நான்தான் ஆடினேன் என்று வீடியோவில் முகம் காட்டி, 30 சதவீத வரி 1,23,600 ரூபாயை முதலில் கட்டினால் முழுப் பணமும் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: முகமும் காட்டாதீர்கள், வரியும் கட்டாதீர்கள். அந்த 4,12,000 சட்டப்படி உங்கள் பணமும் அல்ல, மகன் பணமும் அல்ல. 18 வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே மோகரி பீபி வழக்கில் முடிவாகிவிட்டது. ஆடியவர் பெரியவராகவே இருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. அநியாயமா இல்லையா என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

மகன் எங்கே மாட்டினான் என்று சொல்கிறேன். சேரும்போது உங்கள் பான் எண், பிறந்த தேதி, வீட்டு போனுக்கு வந்த ஓடிபி எல்லாமே சரியாக இருந்திருக்கும். இப்படிப்பட்ட ஆப்கள் பணம் உள்ளே வரும்போது அதற்கு மேல் பார்ப்பதில்லை, வெளியே போகும்போதுதான் பார்க்கின்றன. செல்ஃபி கேட்டு ஆதார் போட்டோவோடு ஒப்பிடுவார்கள். பணம் போகவேண்டிய பேங்க் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பி, அது யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். மகன் தன் பெயரிலுள்ள கணக்கைக் கொடுத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் வயது என்பது பெரும்பாலும் ஒரு சாக்கு. 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண ஆட்டத்தைத் தடைசெய்து மத்திய சட்டம் வந்ததுமே பெரிய இந்திய நிறுவனங்கள் அதை நிறுத்திவிட்டன. இன்னும் ரூபாய் வாங்கிக்கொண்டிருப்பது சட்டத்துக்கு வெளியே நடக்கும் ஆப். வரி கேட்பதே அதற்கு அடையாளம். முறைப்படி நடக்கும் இடத்தில் வரியைப் பரிசிலிருந்து பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள், நம்மை முன்னால் கட்டச் சொல்லமாட்டார்கள். 1,23,600 கட்டினால் அடுத்து 'சரிபார்ப்புக் கட்டணம்' என்று ஒன்று வரும்.

அவர்கள் உண்மையிலேயே பணம் அனுப்பினால்தான் எனக்கு இன்னும் பயம். வக்கீலான என்னிடம் கூடலூரிலிருந்து வந்த ஒரு கட்சிக்காரருக்கு இதே மாதிரி 60,000 ரூபாய் வந்தது, நிறுவனத்தின் பெயரில் அல்ல, முன்பின் தெரியாத ஒருவர் கணக்கிலிருந்து. அது வேறு மாநிலத்தில் யாரோ ஏமாந்த பணம். அங்கே புகார் பதிவானதும் போலீஸ் கேட்டு இவர் கணக்கை பேங்க் முடக்கியது. இலைக்காசு, நகைக்கடன் தவணை எல்லாம் பல மாதம் அதற்குள் மாட்டிக்கொண்டன. நானே எழுதிக்கொடுத்தும் சீக்கிரம் எடுக்க முடியவில்லை.

வீடியோவில் முகம் காட்டுவது இதைவிட மோசம். இன்றைக்கு இது ஒரு சிறுவன் செய்த தவறு. வழக்கு வந்தாலும் இளைஞர் நீதிக் குழுமம்தான் பார்க்கும், அவனுக்குச் சிறை கிடையாது. "நான்தான் ஆடினேன்" என்று நீங்கள் சொன்ன நிமிடத்தில், பொய் சொல்லிப் பணம் வாங்கப் பார்த்த பெரியவர் ஆகிவிடுகிறீர்கள். தமிழ்நாட்டின் 2022 சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடியவருக்கே 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. அதற்கான சாட்சியத்தை நீங்களே வீடியோவாக எடுத்துக் கொடுத்ததாகும்.

சரி, கேட்கக்கூடியது கட்டிய 38,000 மட்டும்தான். "மைனர் மகன் என் ஆவணங்களைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கினான், ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த தொகையைக் கேட்கவில்லை, கட்டியதைத் திருப்புங்கள், கணக்கை மூடுங்கள்" என்று ஒரே ஒரு மெயில் அனுப்புங்கள். பணம் போன வழியிலேயே ரீஃபண்டாக வரவேண்டும் என்றும் எழுதுங்கள். 20,000 தருகிறோம் என்றால் பேரம் பேசாமல் ஒத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது ஒருவர் கணக்கிலிருந்து அனுப்புகிறோம் என்றால் அந்த 20,000-மும் வேண்டாம். நோட்டீஸ், வழக்கு என்று செலவு செய்யாதீர்கள். வெளிநாட்டு ஆப் மேல் தீர்ப்பு வாங்கினாலும் வசூலிக்க ஆள் கிடைக்காது.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசி, cybercrime.gov.in-இல் புகார் பதியுங்கள். அதில் "தெரியாமல் யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று எழுதவேண்டாம். பின் நம்பர் போட்டது மகன் என்பது விசாரணையில் வெளிவரும், அப்போது உங்கள் புகாரே பொய்யாகிவிடும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அப்புறம் யுபிஐ பின்னை இன்றைக்கே மாற்றுங்கள். வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் பெயரில் விளையாட்டுப் பரிசு என்று ஏதாவது பதிவாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போங்கள்.