பேட், துணி, கப்: மழை மலையில் எது லாபம்?

“அட்டன் பக்கம் தோட்டத்தில், லயத்தில் இருக்கிறோம். நான் கொழுந்து எடுக்கிறேன். மகள் பத்தாம் தரம் படிக்கிறாள். மாதவிடாய்க்குக் கடையில் பத்து பேட் உள்ள பெக்கட் 280 ரூபாய். கழுவிப் பாவிக்கும் துணிப் பேட் ஒன்று 450, உள்ளே வைத்து உதிரத்தைப் பிடிக்கும் கப் 4,000 என்கிறார்கள். ஐந்து வருஷத்துக்குப் பார்த்தால் எது லாபம்?”

உங்களுக்குக் கப்தான் லாபம். மகளுக்கு இப்போதைக்குத் துணியும் பேடும் கலந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் பேட். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று கணக்குப் போடுவதில்தான் பலரும் தவறுகிறோம். 28 நாள் சுற்று என்றால் வருஷத்துக்கு 13 தடவை வரும். ஒரு தடவைக்கு 15 பேட் என்று வைத்தால் 195, அதாவது 20 பெக்கட். உங்கள் விலையில் வருஷம் 5,600 ரூபாய், விலை ஏறாமல் இருந்தாலே ஐந்து வருஷத்துக்கு 28,000. “எனக்கு எட்டே போதும்” என்று மலையில் வேலை செய்யும் பெண்கள் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கும். பெரும்பாலும் அது குறைந்த உதிரப்போக்கு இல்லை. மாற்ற இடமில்லாமல் காலையில் வைத்ததை மாலை வரை வைத்திருப்பதுதான். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றினால் வரும் எண்ணிக்கையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

துணிப் பேட் விஷயத்தில் நம்முடைய ஈரம் கணக்கையே மாற்றிவிடும். வெயிலுள்ள ஊரில் ஆறு போதும். முதல் நாள் கழுவியது மூன்றாம் நாள் திரும்பக் கைக்கு வந்துவிடும். அட்டனில் மே கடைசியிலிருந்து மழையும் பனிமூட்டமும் பிடித்துக்கொண்டால் அதே துணி காய மூன்று நாள் ஆகும். அப்படியானால் முதல் நாலு நாளைக்கும் புதிதாய் எடுக்கவேண்டி வரும். முதல் மூன்று நாளும் மும்மூன்று, நாலாம் நாள் இரண்டு என்று பதினொன்று, கைக்கு ஒன்று கூடுதலாக வைத்தால் பன்னிரண்டு. விலை 5,400. ஆறுக்குப் பதில் பன்னிரண்டு வாங்கினால் செலவு இரட்டிப்பு என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றும் பாதித் தடவைதான் கழுவப்படும், அதனால் அதிக நாள் உழைக்கும். மூன்று வருஷம் வரும் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,800. தடவைக்கு 60 ரூபாய் சவர்க்காரத்துக்குச் சேர்த்தால் சுமார் 2,600.

துணியைச் சீக்கிரம் கெடுப்பது ஈரம்தான். மேலே காய்ந்ததாகத் தெரியும், உள்ளே நனைந்திருக்கும். நடுப்பகுதியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. பூஞ்சை வாடையோ கரும்புள்ளியோ வந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தடித்துத் தைத்ததை விட, விரித்துக் காயப்போட்டு மடித்து வைக்கிற மாதிரி உள்ளதை வாங்குங்கள். வெட்கத்துக்காகச் சேலைக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்டால் காற்றே படாது. மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மேலே போட்டால் போதும்.

சரி, கப். 4,000 ரூபாய் கப் ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைப்போம். பழகுவதற்கு இரண்டு மூன்று தடவை ஆகும். அந்த மாதங்களில் பேடும் கூட வேண்டும், அதற்கு மூன்று பெக்கட், 840 ரூபாய். மொத்தம் 4,840, வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் குறைவு. ஒரு தடவைக்குப் பேடுக்குப் போகும் 430 ரூபாயை வைத்துப் பார்த்தால், இந்தப் பணம் பன்னிரண்டாம் தடவையில் மீண்டுவிடும். உங்கள் வேலைக்கு இதில் இன்னொரு வசதி. பன்னிரண்டு மணி நேரம் வரை வைக்கலாம் என்பதால், மலைக்குப் போகும் முன் வீட்டில், திரும்பி வந்து வீட்டில் என்று இரண்டு தடவை காலிசெய்தால் பெரும்பாலும் போதும். அதிகம் போகும் நாளில் மட்டும் இடையில் ஒரு தடவை வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாதவிடாய்க்கும் ஒரு முறை கப்பைத் தனிச் சட்டியில் ஐந்து நிமிஷம் கொதிக்க வைக்க வேண்டும்.

கப்பில் நஷ்டம் வருவது ஒரே இடத்தில்தான்: அளவு பொருந்தாமல் அலுமாரியில் கிடப்பது. அப்படியானால் 4,000 போயிற்று, பேடும் வாங்க வேண்டும். ஆகவே வாங்கும் முன் மிட்வைஃப் அம்மாவிடம் அளவைக் கேளுங்கள். லூப் போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கப்பை எடுக்கும்போது லூப் சேர்ந்து இழுபடலாம்.

மகளுக்குப் பாடசாலை நேரத்துக்கு எட்டு பேட், வீட்டுக்கும் இரவுக்கும் ஆறு துணி. வருஷத்துக்கு 11 பெக்கட் 3,080, துணிக்கு 900, சவர்க்காரத்துக்கு 390, ஆக 4,370 ரூபாய். பாடசாலையில் பேட் வவுச்சர் கிடைத்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். துணியை ஜனவரி, பெப்ரவரியில் தொடங்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் அப்போதுதான் வெயில் இருக்கும். கழுவிக் காயவைக்கப் பழகிய பிறகு மழை வந்தால், இன்னும் எத்தனை துணி தேவை என்று அவளுக்கே தெரிந்துவிடும்.