பிரீமியம் இரண்டு முறை போய்விட்டது: மெயிலில் என்ன எழுதுவது?

"ஜூன் 3, ஜூன் 5 இரண்டு நாளும் 12,480 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். கஸ்டமர் கேர் மெயில் போடச் சொல்கிறது. என்ன எழுதணும்?"

தலைப்பிலேயே பாலிசி எண்ணைப் போட்டு, உள்ளே இப்படி எழுதுங்கள்:

"ஒரே தவணைக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டுள்ளது.
03-06: ரூ.12,480, UPI, பரிவர்த்தனை எண் ____
05-06: ரூ.12,480, ACH, பரிவர்த்தனை எண் ____
இரண்டாவது தொகையை அடுத்த தவணைக்கு வரவு வைக்காமல், அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பவும்."

அந்தக் கடைசி வரியை விடவே விடாதீர்கள். அதைச் சொல்லாவிட்டால் பணத்தை முன்பணமாக வைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

வங்கி அறிக்கையில் உள்ள வரிகளை ஓரெழுத்து மாறாமல் நகலெடுங்கள். தேதியும் தொகையும் மட்டும் கொடுத்தால் அவர்களால் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: ஆட்டோ டெபிட் கோரிக்கை ஏற்கெனவே வங்கிக்குப் போயிருக்கும், அதற்குள் வீட்டில் யாராவது கையால் கட்டியிருப்பார்கள். வங்கி அறிக்கையில் ஆட்டோ டெபிட் ACH என்று வரும். உங்கள் அறிக்கையில் ஒன்று UPI, இன்னொன்று ACH என்று இருந்தால் அதேதான். இரண்டுமே ACH என்றால் வங்கியிலும் புகார் கொடுங்கள்.

அனுப்பும் முன் காப்பீட்டு நிறுவனத் தளத்தில் எத்தனை ரசீது இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால் அதையும் மெயிலில் சொல்லுங்கள்.

கோபத்தில் ஆட்டோ டெபிட்டை ரத்து செய்துவிடாதீர்கள். அடுத்த தவணை தவறினால் பாலிசியே காலாவதியாகலாம். இரண்டு வாரத்தில் பதில் இல்லையா, அப்புறம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் (bimabharosa.irdai.gov.in) புகாரைப் பதியுங்கள்.