கூட்ட நேரத்து வடை ஏன் எண்ணெய் குடிக்கிறது?

கேள்வி: டீக்கடையில் வடை, போண்டா, பக்கோடா போடுகிறோம். விடிகாலை முதல் ஈடு மொறுமொறுவென்று வருகிறது. எட்டு மணிக்குக் கூட்டம் ஏறியதும் போடும் வடை எண்ணெய் குடித்து, அரை மணி நேரத்தில் நமத்துப் போகிறது. மாவும் அதேதான், எண்ணெயும் அதேதான். எங்கே தப்பு?

பதில்: முதல் சந்தேகம் எண்ணெயின் சூட்டின் மேல். அடுத்தது, இரண்டு மணி நேரம் உப்போடு உட்கார்ந்த மாவின் மேல். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்துதான் வேலையைக் காட்டும்.

வடை எண்ணெய்க்குள் இருக்கும்போது மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. நாம் பார்க்கும் நுரைக்குமிழ் அந்த ஆவிதான். அது வேகமாக வரும்வரை எண்ணெயால் அவ்வளவாக உள்ளே போக முடியாது. சூடு இறங்கினால் மேல்தோல் இறுகத் தாமதமாகும். வடையும் கூடுதல் நேரம் எண்ணெயில் ஊறும். வெளியே எடுத்த பிறகும் ஆபத்து ஓயவில்லை. வடை ஆறும்போது உள்ளே இருக்கும் ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துவிடும். அதனால் எடுத்த முதல் அரை நிமிடம் ஜல்லிக் கரண்டியைச் சட்டிக்கு மேலேயே பிடித்து நன்றாக உதறுங்கள். அந்த அரை நிமிடத்தில் வடியாத எண்ணெய் பிறகு வடியாது.

இனி சூடு எங்கே போகிறது என்று பார்ப்போம். சட்டியில் 5 லிட்டர் எண்ணெய், 175 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உளுந்து வடைக்கு அதுதான் நல்ல சூடு. வடைக்கு 40 கிராம் மாவு, ஒரு ஈட்டுக்கு 12 வடை, ஆக அரை கிலோ மாவு. இந்த மாவைச் சூடாக்கி, அதிலுள்ள தண்ணீரில் ஒரு பங்கை ஆவியாக்க ஆகும் சூட்டை எண்ணெய் மட்டுமே கொடுப்பதாக இருந்தால், எண்ணெய் 25 முதல் 30 டிகிரி வரை இறங்கிவிடும். அடுப்பு எரிந்துகொண்டிருப்பதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே இறங்கும், அடுத்த ஈட்டுக்குள் தேறியும் விடும். கூட்டத்தைப் பார்த்து அதே சட்டியில் 24 வடையைத் தட்டிப் போட்டால் இழப்பு இரட்டிப்பாகும். அடுப்பால் ஈடுகட்ட முடியாது. வடை வறுபடாமல் எண்ணெயில் வேகும்.

கூட்ட நேரத்தில் இன்னொரு வேலையும் நடக்கும், யாரும் கவனிப்பதில்லை. எண்ணெய் குறைந்ததும் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே ஊற்றுவது. 180 டிகிரியில் இருக்கும் 4 லிட்டரில் 30 டிகிரி பச்சை எண்ணெய் ஒரு லிட்டர் சேர்ந்தால் மொத்தமும் 150 டிகிரிக்கு வந்துவிடும். உடனே அடுத்த ஈட்டைப் போட்டால் கதை முடிந்தது. ஒரு ஈடு எடுத்ததும் கால் லிட்டர் ஊற்றி, சூடு ஏறும்வரை நின்று, பிறகு போடுங்கள். அதிகம் வேண்டுமென்றால் சட்டியை நிரப்புவதைவிட இரண்டாவது சட்டி வைப்பதே மேல்.

சூடு பார்க்கும் கருவி வாங்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சுண்டைக்காய் அளவு மாவைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் இரண்டு மூன்று விநாடியில் மேலே வந்தால் சரியான சூடு. அடியிலேயே கிடந்தால் போதாது. போட்டதும் மேலே வந்து உடனே சிவந்தால் அதிகம். அந்தச் சூட்டில் போட்ட வடை வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். இதைக் காலையில் ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு ஈட்டுக்கும் முன்னால் செய்யுங்கள்.

மாவுக்கு வருவோம். 1 கிலோ உளுந்தை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் போதும். இரவெல்லாம் ஊறிய பருப்பு தண்ணீரை ஏற்கெனவே குடித்திருக்கும், அரைக்கும்போதே தளர்ந்துவிடும். ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரையுங்கள். மொத்தம் கால் லிட்டரைத் தாண்ட வேண்டாம். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மிதந்தால் காற்று ஏறியிருக்கிறது, வடை கல்லாகாது. மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும், தண்ணீர் சேர்க்காமல்.

உப்பையும் வெங்காயத்தையும் மொத்த மாவிலும் கலப்பதுதான் பெரிய தவறு. உப்பு பட்டதும் வெங்காயம் நீர் விட ஆரம்பிக்கும். ஆறு மணிக்குக் கெட்டியாக இருந்த மாவு எட்டு மணிக்குக் கையில் வழியும். புளிப்பும் ஏறத் தொடங்கும். நீர்த்த மாவு என்றால் ஆவியாக வேண்டிய தண்ணீரும் அதிகம், அந்தத் தண்ணீர் போன இடத்தில் எண்ணெய் வந்து உட்காரும். உப்பில்லாத மாவை மூடிக் குளிர்ச்சியில் வையுங்கள். அரை மணி நேரத்தில் தீரக்கூடிய அளவை மட்டும் எடுத்து உப்பு, வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை கலந்து போடுங்கள். தளர்ந்துவிட்ட மாவைக் காப்பாற்ற ஒரு கை அரிசி மாவு தூவலாம். அதற்கு மேல் போனால் வடை கடக்கென்று ஆகிவிடும்.

போண்டாவில் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சூடு மாறும். உருளைக்கிழங்கு போண்டாவில் உள்ளே எல்லாம் வெந்தது, மேல் மாவு மட்டும் வெந்தால் போதும், 180 டிகிரி தாங்கும். மசாலா ஆறாமல் உருட்டினால் உள்ளிருந்து வரும் ஆவி மேல் மாவை உடைத்து எண்ணெயைக் கெடுக்கும். முழுக்க மாவால் செய்யும் போண்டாவில் நடுவரை பச்சை மாவு, ஆகவே 160 டிகிரியில் பொறுமையாக வேக வேண்டும். சோடா உப்பு கிலோவுக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். உப்பலாக வரட்டும் என்று அள்ளிப் போட்டால் பஞ்சு போல ஓட்டை விழும், அத்தனை ஓட்டையும் எண்ணெய் குடிக்கும்.

பக்கோடாவுக்குத் தண்ணீரே எதிரி. 1 கிலோ வெங்காயத்தை உப்புப் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, 400 கிராம் கடலை மாவும் 150 கிராம் அரிசி மாவும் தூவி, வெங்காயம் விட்ட நீரிலேயே பிசையுங்கள். பிடிபடாவிட்டால் மட்டும் தெளிக்கலாம். 160, 165 டிகிரியில் நுரை ஏறக்குறைய அடங்கும்வரை விடுங்கள். நிறத்தைப் பார்த்து எடுத்தால் வெங்காயத்தின் நீர் உள்ளேயே இருந்து பத்து நிமிடத்தில் நமத்துவிடும். கூட்டத்துக்கு முன்பே முக்கால் பதம் எடுத்து வைத்து, கேட்கும்போது 180 டிகிரியில் ஒரு நிமிடம் மறுபடி போட்டுக் கொடுப்பது பக்கோடாவுக்கும் பருப்பு வடைக்கும் நன்றாக ஒத்துவரும். உளுந்து வடைக்கு வேண்டாம், எண்ணெய் கூடுதலாக ஏறும்.

எடுத்ததைக் குவித்து மூடி வைக்காதீர்கள். அடியில் இருப்பது ஆவியிலேயே வதங்கும். கம்பித் தட்டில் ஒரே அடுக்காக வையுங்கள். செய்தித்தாளில் வடிய விடுவதையும் நிறுத்துங்கள், அச்சு மை உணவில் ஏறும். எண்ணெய் கருத்து, கொழகொழத்து, வடை போடாமலே நுரைத்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு விதிப்படி, திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெயில் சேரும் கழிவான துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது.

உங்கள் கடையில் குற்றவாளி எது என்று நாளைக்கே பார்த்துவிடலாம். எட்டு மணிக்கு, அந்த நேரத்து மாவிலேயே ஆறு வடை மட்டும், எண்ணெய் 175 டிகிரிக்கு ஏறியபின் போடுங்கள். மொறுமொறுப்பாக வந்தால் தப்பு சூட்டில். அப்போதும் எண்ணெய் வடிந்தால், உப்பு கலக்காமல் எடுத்து வைத்த மாவில் புதிதாக உப்பு கலந்து அதே சூட்டில் இன்னொரு ஆறு போடுங்கள். அது சரியாக வந்தால் தப்பு மாவில். அதுவும் வடிந்தால் எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றிப் பாருங்கள்.