மூலைவிட்டத்தில் கூட்டும் எண்

வணக்கம். அடுக்குமாடி வீடுகளின் விலையைக் கணிக்க நூறு வீடுகளை வைத்து ஒரு ரிக்ரஷன் போட்டேன். கார்ப்பெட் ஏரியா, பில்ட்-அப் ஏரியா இரண்டையும் கொடுத்தால் ஒன்றின் கெழு எக்கச்சக்கமாக ஏறுகிறது, மற்றது மைனஸில் போகிறது. பத்து வீட்டை எடுத்துவிட்டு ஓட்டினால் குறிகள் தலைகீழாகின்றன. மூலைவிட்டத்தில் லாம்டாவைக் கூட்டச் சொன்னார் நண்பர்; கூட்டினேன், அடங்கிவிட்டது. ஆனால் டேட்டாவில் இல்லாத எண்ணை நாமே சேர்ப்பது கள்ளக்கணக்கு இல்லையா?
— கே.

அன்புள்ள கே.,

ஒரு வகையில் கள்ளக்கணக்குதான். எவ்வளவு கள்ளம் என்று எண்ணியே சொல்லிவிடலாம்.

முதலில் நோய். இரண்டு நெடுவரிசைகளிலும் சராசரியைக் கழித்து, நீளம் 1 ஆகும்படி அளவு மாற்றிவிட்டோம், இரண்டுக்கும் ஒட்டுறவு 0.999 என்று வைத்துக்கொள்ளுங்கள். நார்மல் சமன்பாடுகள் இப்படி வரும்:

```
b1 + 0.999 b2 = 1.999
0.999 b1 + b2 = 1.999
```

விடை 1, 1. இப்போது வலப்பக்கத்தை மட்டும் 2.001, 1.997 என்று மாற்றுங்கள். ஆயிரத்தில் இரண்டு அசைவு, அவ்வளவுதான். ஒரு வீட்டின் விலையைத் தப்பாகப் பதிந்தாலே வந்துவிடும். விடை 3, −1 ஆகிவிடுகிறது! உங்கள் மைனஸ் பிறந்த இடம் இதுதான்.

ஏன் என்று பார்க்க இரண்டு சமன்பாடுகளையும் ஒருமுறை கூட்டுங்கள், ஒருமுறை கழியுங்கள். கூட்டினால் b1 + b2 கிடைக்க 1.999-ஆல் வகுக்கிறோம், இரண்டு விடையிலும் கூட்டுத்தொகை 2-தான், அசையவே இல்லை. கழித்தால் b1 − b2 கிடைக்க 0.001-ஆல் வகுக்க வேண்டியிருக்கிறது, அதாவது அந்தத் துளி இரைச்சலை ஆயிரத்தால் பெருக்குகிறோம். (இந்த 1.999, 0.001 இரண்டும்தான் சமன்பாடுகளின் இடப்பக்க எண்கள் அமைக்கும் அணியின் ஐகன் மதிப்புகள்.) மூலைவிட்டத்தில் 0.01 கூட்டினால் இரண்டு வகுஎண்களிலும் அதே 0.01 ஏறும்: 1.999 என்பது 2.009 ஆகும், அதற்கு உறைக்கவே உறைக்காது, 0.001 என்பது 0.011 ஆகும், பதினோரு மடங்கு. விடை சுமார் 1.18, 0.81.

சரி, கள்ளத்துக்கு வருவோம். மூலைவிட்டத்தில் 0.01 கூட்டுவதும், டேட்டாவின் அடியில் இரண்டு வரிகளை எழுதிச் சேர்ப்பதும் ஒன்றேதான். முதல் வரியில் 0.1, 0, விலை 0. அடுத்ததில் 0, 0.1, விலை 0. 0.1 என்பது 0.01-இன் வர்க்கமூலம். உங்களுடைய நூறு வீட்டுக் கணக்கில் அந்த 0.1 சரியாக ஒரு திட்ட விலக்கம். ஆக, கார்ப்பெட் ஏரியா சராசரியைவிட ஒரு திட்ட விலக்கம் கூடுதல், பில்ட்-அப் சராசரி, விலையும் சராசரி என்று ஒரு வீட்டைக் கற்பனையாகக் கட்டுகிறீர்கள். அப்படியே மாற்றி இன்னொன்று. நூறு நிஜ வீட்டுக்கு இரண்டு பொய் வீடு.

அந்த இரண்டுக்கு எப்படி இவ்வளவு பலம்? கார்ப்பெட் ஏறியும் பில்ட்-அப் ஏறாத வீடு உங்கள் நூறில் அநேகமாக ஒன்றுகூட இருக்காது. அந்தத் திசையில் நிஜ வீடுகள் எல்லாம் சேர்ந்து சொல்வது 0.001 அளவு, பொய் வீடுகள் சொல்வது 0.01. பேச ஆளில்லாத இடத்தில் அவர்கள் வைத்ததே சட்டம்.

நான் எச்சரிக்க நினைப்பதும் இங்கேதான். உண்மையான கெழுக்களே 3, −1 ஆக இருந்தாலும், லாம்டா கூட்டும் இந்த ரிட்ஜ் முறை அதே 1.18, 0.81-ஐத்தான் தரும். அதற்கு வித்தியாசம் தெரியாது, உங்கள் டேட்டாவுக்கும் தெரியாது. ஆகவே இந்த எண்களைக் காட்டி ‘கார்ப்பெட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்’ என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அதே மாதிரி வீடுகளுக்கு விலை கணிப்பதற்கு மட்டும் என்றால் பயமில்லை, அங்கே வேலை செய்வது பெரும்பாலும் கூட்டுத்தொகைதான். சுவரும் பால்கனியுமாக இடத்தை விழுங்கிய ஒரு கட்டடம் வந்தால் கணிப்பு வழுக்கும்.

அப்புறம், அளவு மாற்றாமல் லாம்டாவைக் கூட்டாதீர்கள். ஒரு நெடுவரிசை சதுர அடியிலும் மற்றது சதுர மீட்டரிலும் இருந்தால் ஒரே லாம்டா ஒன்றைத் தொடாமல் விட்டு மற்றதை நசுக்கும். வெட்டுத்துண்டுக்கும் கூட்டக் கூடாது, சராசரியைக் கழித்துவிட்டால் அந்தத் தொல்லை தானே போய்விடும். scikit-learn-இன் `Ridge` அதைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஆனால் `StandardScaler` போட்டபின் மூலைவிட்டத்தில் 1 இருக்காது, வீடுகளின் எண்ணிக்கை இருக்கும். நான் மேலே சொன்ன 0.01 உங்களுக்கு அங்கே `alpha=1`. பலர் 0.01 என்றே கொடுத்துவிட்டு ரிட்ஜால் ஒரு பயனும் இல்லை என்கிறார்கள்.

எந்த லாம்டா? 1970-இல் ஹோர்லும் கென்னார்டும் இந்த முறையை முன்வைத்தபோது, லாம்டாவை ஏற்றிக்கொண்டே போய்க் கெழுக்கள் எங்கே நிலைக்கின்றன என்று வரைபடத்தில் கண்ணால் பார்க்கச் சொன்னார்கள். இப்போது எல்லோரும் கிராஸ் வேலிடேஷன் செய்கிறோம். நீங்கள் இரண்டையும் செய்யுங்கள். 0.1, 1, 10 என்று மூன்று `alpha` போட்டு, ஒவ்வொன்றிலும் அந்தப் பத்து வீட்டை எடுத்துவிட்டும் ஓட்டுங்கள். குறி புரள்வது எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள், பார்க்கலாம்.